காலை 10:05-க்கு எஸ் டிரைவில் என்ன நடந்தது?

"எஸ் டிரைவ் வேலை செய்யலை சார். அவசரம். கொஞ்சம் பாருங்க."

ஐ.டி. பிரிவில் இருப்பவருக்கு இப்படியொரு தகவல் வந்தால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான், திருப்பிக் கேள்வி கேட்பது. யாருடைய கணினியில்? திறக்கவே இல்லையா, திறந்து மெதுவாக ஓடுகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வந்ததா? எப்போதிலிருந்து? பக்கத்து மேசைக்காரருக்கும் அப்படித்தானா? ஒவ்வொரு பதிலும் வந்து சேரக் கால் மணி, அரை மணி ஆகிறது. இடையில் அவர் தன் மேசையிலிருந்தே எஸ் டிரைவைத் திறந்து பார்ப்பார். அது திறந்துகொள்ளும். "இங்கே நல்லாத்தானே இருக்கு" என்று பதில் போடுவார். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு எரிச்சல் வரும். மறுநாள் அதே தகவல், இன்னும் இரண்டு ஆச்சரியக்குறிகளோடு போகும்.

இந்த இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அலுவலகத்தின் பொது டிரைவ் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. சில கோப்புகளுக்கு மட்டும், சில நேரங்களில் மட்டும், சிலருக்கு மட்டும் மக்கர் செய்யும். அதனால்தான் "வேலை செய்யலை" என்ற சொல் அங்கே ஒன்றுக்கும் உதவுவதில்லை. எந்தக் கோப்பு, எத்தனை மணி, திரையில் என்ன வந்தது என்ற மூன்றும் உதவுகின்றன. ஏன் உதவுகின்றன என்பது அந்த டிரைவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் புரியும்.

நம் கணினியில் S: என்று தெரிவது நம் கணினியில் இல்லை. அலுவலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஏசி அறையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ, ஒரு சர்வர் அல்லது நாஸ் பெட்டி இருக்கும். சிறிய, நடுத்தர அலுவலகங்களில் அதற்குள் நான்கு ஹார்டு டிஸ்க் இருப்பது சகஜம். நான்கையும் சேர்த்து ரெய்டு 5 என்ற முறையில் கட்டியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு தகவலும் டிஸ்குகளுக்கிடையே பிரித்து எழுதப்படும். கூடவே ஒரு சரிபார்ப்புக் கணக்கும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றில் உள்ளதை வைத்து, காணாமல்போனதைப் பெட்டியே கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. ஒரு டிஸ்க் தடுமாறும் அந்த இடைக்காலத்தில் வெளியே இருப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே நோயை மறைத்தும் வைக்கிறது.

முழுதாக மறைப்பதில்லை. டிஸ்கின் வட்டத் தட்டில் ஏதோ ஓரிடம் பழுதாகி, அங்கே எழுதியதைப் படிக்க முடியவில்லை என்று வையுங்கள். டிஸ்க் உடனே கையை விரிக்காது. மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். நாஸ் பெட்டிக்கென்றே செய்த டிஸ்க் என்றால் ஏறக்குறைய 7 வினாடியில் முயற்சியை விட்டுவிட்டு, "என்னால் முடியவில்லை" என்று பெட்டிக்குச் சொல்லிவிடும். பெட்டி மற்ற டிஸ்குகளிலிருந்து அதை மீட்டுக் கொடுக்கும். விலை குறைவு என்று சாதாரண மேசைக்கணினி டிஸ்கை வாங்கிச் செருகியிருந்தால் அது ஒரு நிமிடம், அதற்கு மேலும்கூடப் பிடிவாதமாக முயன்றுகொண்டிருக்கும். அதுவரை அந்தப் பெட்டியை நம்பி வரிசையில் நிற்கும் மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் நம் விண்டோஸ் கணினிக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. பொது டிரைவிலிருந்து பதில் வர அது வழக்கமாக 60 வினாடி காத்திருக்கும். அதற்குள் வரவில்லை என்றால் இணைப்பு அறுந்துவிட்டது என்று முடிவுகட்டி, The specified network name is no longer available என்று திரையில் சொல்லும். நெட்வொர்க் பெயர் இல்லை என்று படித்ததும் நாம் நெட்வொர்க் கோளாறு என்று நினைப்போம். "நெட்வொர்க் போச்சு" என்றே மெயிலும் அனுப்புவோம். வயரையும் சுவிட்சையும் சோதிக்க ஒருவர் வருவார். எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கோளாறு டிஸ்கின் ஒரு மூலையில் இருந்திருக்கும்.

புட்டி என்ற மென்பொருளை எழுதியவர் சைமன் டாத்தம். மென்பொருள் கோளாறுகளை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று அவர் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். கோளாறுக்குக் காரணம் என்ன என்று நாம் நினைப்பதைச் சொல்வதில் தவறில்லை, ஆனால் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லக் கூடாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. பொது டிரைவுக்கு இது அப்படியே பொருந்தும். "நெட்வொர்க் போச்சு" என்பது நம் ஊகம். "63 சதவீதத்தில் நின்றது, இந்தச் செய்தி வந்தது" என்பது நாம் பார்த்தது. இரண்டாவதை எழுதிவிட்டு முதலாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவதை மட்டும் எழுதினால் தேடுபவர் வேறு திசையில் போய்விடுவார்.

பெட்டியே தன் நோயைக் கண்டுபிடித்து எச்சரிக்காதா என்று கேட்கலாம். எச்சரிக்கும், பல நேரம். டிஸ்குகளுக்குள் ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனை ஏற்பாடு இருக்கிறது. பழுதான இடங்களின் எண்ணிக்கை முதலியவற்றை அது கணக்கு வைக்கும். ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைப் பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அது செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், செத்துப்போன டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. குறி தெரிந்தால் பயப்பட வேண்டும், தெரியாவிட்டாலும் நிம்மதியாக இருக்க முடியாது. அந்த இடைவெளியில்தான், "நேற்றிலிருந்து இந்த ஒரு எக்செல் மட்டும் நாற்பது வினாடி எடுக்குது" என்று கவனித்த ஊழியர் வருகிறார். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே அவருக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது. அவர் அதைச் சொல்ல வேண்டும், அதுவும் பயன்படும்படி சொல்ல வேண்டும்.

ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாதம். 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்ய வேண்டும். அக்டோபர் மாதப் பில்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டுப் பொது டிரைவில் கிடக்கின்றன. 17-ஆம் தேதி திங்கட்கிழமை ஏதோ சரியில்லை என்று உதவிக் கணக்காளருக்குப் படுகிறது. வாரத்தின் முதல் நாள், எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள், மெதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார். ஆனால் மேசையில் இருந்த நோட்டில் நேரத்தை மட்டும் குறித்துவைக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை நிலைமை முற்றுகிறது. அவர் அனுப்பிய மெயில் இது:

பொருள்: S: டிரைவ் – திங்கள் 17 முதல் ஒரு கோப்பு மிக மெதுவாகத் திறக்கிறது, இன்று காலை 10:05-க்கு நகலெடுப்பது நின்றது, மூன்று பேருக்கு டிரைவ் உறைந்தது

வணக்கம் சார்,

S: டிரைவில் உள்ள அக்டோபர் பில்களைத் திறப்பதிலும் நகலெடுப்பதிலும் நேற்று முதல் சிக்கல். 20-ஆம் தேதி 3பி தாக்கலுக்கு இவை வேண்டும். டிரைவில் மற்ற வேலைகள் நடக்கின்றன.

இடம்: \\fs01\accounts\GST-2025 (என் கணினியில் S:\GST-2025). என் கணினி ACC-PC07, வயர் இணைப்பு.

வெள்ளி 14, மாலை 5:45 – இதே ஃபோல்டரில் வேலை செய்தேன். எந்தத் தாமதமும் இல்லை.

திங்கள் 17, காலை 9:50 – Purchase_Oct.xlsx திறக்கச் சுமார் 40 வினாடி. வழக்கமாக மூன்று, நான்கு வினாடிதான். அதே ஃபோல்டரில் Sales_Oct.xlsx உடனே திறந்தது.

திங்கள் 17, காலை 11:20 (ஏறக்குறைய) – மறுபடி Purchase_Oct.xlsx, அதே தாமதம்.

செவ்வாய் 18, காலை 10:05 – Bills-Oct ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்தேன். 63% வரை போய் Bill_0412.pdf-இல் நின்றது. சுமார் ஒரு நிமிடம் கழித்து வந்த செய்தி: Error 0x80070040: The specified network name is no longer available. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். அதே நேரத்தில் ACC-PC05, ACC-PC09 இரண்டிலும் S: உறைந்தது. 10:07-க்கு மூவருக்கும் தானாகச் சரியானது.

செவ்வாய் 18, காலை 10:30 – மறுபடி நகலெடுத்தேன். அதே Bill_0412.pdf-இல் நின்றது.

செய்து பார்த்தது: 10:15-க்கு என் கணினியை ரீஸ்டார்ட் செய்தேன், பலனில்லை. இணையமும் மெயிலும் நன்றாக உள்ளன. 10:30-க்குப் பிறகு அந்த ஃபோல்டரை நாங்கள் யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீண்ட நேரம் கரண்ட் இல்லை என்று காவலாளி சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை. என் பாஸ்வேர்டு சமீபத்தில் மாறவில்லை.

மாலை 6 மணி வரை இடத்தில் இருப்பேன். ரிமோட்டில் என் கணினியைப் பார்க்கலாம்.

எழுத ஐந்து, பத்து நிமிடம் ஆகும். பெறுபவர் இதை எப்படிப் படிப்பார் என்று பார்த்தால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று விளங்கும்.

முதலில் அவர் கண் போவது "மூன்று பேருக்கு" என்பதில். ஒருவருக்கு மட்டும் என்றால் அந்தக் கணினியின் வயர், பாஸ்வேர்டு, விண்டோஸ் அப்டேட் என்று அங்கேயே தேடுவார். மூன்று கணினிகள் ஒரே நிமிடத்தில் உறைந்தன என்றால் கோளாறு இவர்களுக்குப் பொதுவான இடத்தில் இருக்கிறது. அது இடையில் உள்ள நெட்வொர்க் சுவிட்சாகவும் இருக்கலாம், பெட்டியாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த வரியில் இணையமும் மெயிலும் நன்றாக ஓடியதாக இருக்கிறது. சுவிட்ச் மேல் சந்தேகம் பாதி குறைகிறது.

மீதிச் சந்தேகத்தைத் தீர்ப்பது இந்த மெயிலிலேயே மதிப்பு மிக்க வரி. இரண்டு முறையும் நின்றது ஒரே கோப்பில். நெட்வொர்க்குக்கு Bill_0412 என்றும் Bill_0411 என்றும் பேதம் கிடையாது. வயர் கெட்டிருந்தால் முதல்முறை 63 சதவீதத்திலும் அடுத்தமுறை 20 சதவீதத்திலும் எங்கெங்கோ நிற்கும். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அந்தக் கோப்பு எழுதப்பட்டிருக்கும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. உடனே திறந்த Sales_Oct.xlsx-உம் இதற்குச் சாட்சி. கெட்டதை மட்டும் எழுதி, ஒழுங்காக நடந்ததை விட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். அது தேவையற்ற விவரம் என்று தோன்றுவதால் விடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் கோளாறின் எல்லையைப் போட முடியாது.

அடுத்து அவர் பெட்டியின் பதிவேட்டை, அதாவது லாக்கைத் திறக்கிறார். அதில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரிகள் இருக்கலாம். "காலையிலேர்ந்து" என்று மெயில் சொல்லியிருந்தால் காலை முழுவதையும் புரட்ட வேண்டும். 10:05 என்று இருப்பதால் நேராக அங்கே போகிறார். மூன்றாவது டிஸ்கிலிருந்து பதில் வரத் தாமதம், படிப்பதில் பிழை என்று அடுத்தடுத்து வரிகள். 10:30-க்கும் அப்படியே. திங்கள் 9:50-ஐப் பார்க்கிறார், அங்கும் ஒன்றிரண்டு. ஆள் அகப்பட்டாயிற்று. எந்த எச்சரிக்கை மெயிலும் வராததற்குக் காரணம், எண்ணிக்கை இன்னும் எச்சரிக்கை வரம்பைத் தொடவில்லை.

நேரத்தைக் குறிப்பதில் ஒரு சின்ன விஷயம். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் திரையின் ஓரத்தில் தெரியும் நேரத்தைக் குறிப்பது நல்லது. அலுவலகக் கணினிகளின் கடிகாரம் பெரும்பாலும் சர்வரோடு ஒத்துப்போகும்படி வைக்கப்பட்டிருக்கும். நாஸ் பெட்டியின் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடினாலும் ஐ.டி. பிரிவினர் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்வார்கள். சரியாகத் தெரியாத நேரத்துக்கு "ஏறக்குறைய" என்று போட வேண்டும். 11:20-க்கு மேலே அப்படித்தான் போட்டிருக்கிறது. தெரியாததைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால் லாக்கில் அந்த நிமிடத்தில் ஒன்றும் இருக்காது. பிறகு மெயிலில் உள்ள மற்ற நேரங்கள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை வரி எதற்கு? கடைசியாக நன்றாக இருந்த நேரம் அது. அதற்கும் திங்கள் காலைக்கும் இடையில் என்னென்ன நடந்தன என்று தேடினால் போதும். வார இறுதியில் மின்தடை, யு.பி.எஸ். தீர்ந்து பெட்டி தடாலென்று நின்றது, ஏசி ஓடாமல் அறை சூடேறியது, பெட்டி மாதாமாதம் செய்துகொள்ளும் முழுப் பரிசோதனை என்று ஏதாவது ஒன்று அந்த இடைவெளியில் இருக்கலாம். காவலாளி சொன்னதை, தான் பார்க்கவில்லை என்ற குறிப்போடு எழுதியிருப்பதும் சரி. அது உண்மையா என்று யு.பி.எஸ். பதிவைப் பார்த்து அவர்கள் உறுதி செய்துகொள்வார்கள்.

டிரைவின் எழுத்தோடு நிறுத்தாமல் \\fs01\accounts என்று முழு முகவரியையும் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. S என்பது அவரவர் கணினியில் வைத்த பெயர். விற்பனைப் பிரிவில் அதே ஃபோல்டர் Z: ஆக இருக்கலாம், அவர்களுடைய S: வேறு சர்வராக இருக்கலாம். "இங்கே நல்லாத்தானே இருக்கு" என்ற பதிலில் பாதி இதனால் வருவது. முழு முகவரி தெரியாவிட்டால் விண்டோஸ் தேடல் பெட்டியில் cmd என்று தட்டி, திறக்கும் கறுப்புத் திரையில் இதை அடித்தால் போதும்:

```
net use
```

எந்த எழுத்து எந்த முகவரி என்று வரிசையாக வரும். பக்கத்தில் OK, Disconnected, Unavailable என்று நிலையும் இருக்கும். இந்தக் கட்டளை பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது. வந்ததை அப்படியே மெயிலில் ஒட்டலாம். பிழைச் செய்தியையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. விண்டோஸின் சாதாரணச் செய்திப் பெட்டிகள் பலவற்றில் Ctrl+C அழுத்தினால் உள்ளே இருக்கும் எழுத்து நகலாகிவிடும். அது முடியாத இடத்தில் Win+Shift+S அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். செல்போனில் சாய்வாக எடுத்த படமும் பரவாயில்லை, பிழை எண் முழுதாகத் தெரிந்தால். அந்த எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். 0x80070040 என்றால் இருந்த இணைப்பு நடுவில் அறுந்தது. 0x80070035 என்றால் அந்த முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை, The network path was not found. முன்னதில் பெட்டியை நினைக்கலாம். பின்னதில் பெட்டி அணைந்திருக்கிறதா, பெயர் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

டிரைவ் கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் எல்லாமே டிஸ்க் கோளாறு அல்ல. கோப்பு திறக்கிறது, சேமிக்க மட்டும் முடியவில்லை என்றால் இடம் நிரம்பியிருக்கலாம், அனுமதி மாறியிருக்கலாம். தினமும் மதியம் ஒரு மணிக்குத்தான் மந்தம் என்றால் பேக்கப்போ வைரஸ் சோதனையோ அந்த நேரத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் திறக்கவில்லை என்றால் கணினி பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். locked for editing என்று எக்செல் சொன்னால் பெரும்பாலும் வேறொருவர் அதைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். எது என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. படிக்கும்போதா எழுதும்போதா, எல்லாக் கோப்புமா ஒன்று மட்டுமா, எந்நேரமுமா குறிப்பிட்ட நேரமா என்று எழுதினாலே எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஒன்றுக்கு மட்டும் மெயில் எழுதி உட்காரக் கூடாது. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, திறக்க முடியாமல், பணம் கேட்கும் குறிப்பு ஒன்று ஃபோல்டரில் முளைத்திருந்தால் அது ரான்சம்வேர். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, கணினியை அணைக்காமல், உடனே போன் செய்ய வேண்டும்.

நூற்பாலைக்கு வருவோம். மெயிலில் "10:30-க்குப் பிறகு யாரும் தொடவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் ஐ.டி.காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். டிரைவ் சாகப்போகிறது என்று செய்தி பரவினால் அலுவலகத்தில் பொதுவாக நடப்பது, ஆளாளுக்குத் தங்கள் ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு இழுப்பது. ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்கின் மேல் ஒரே நேரத்தில் பத்துப் பேர் முழுச் சுமையை ஏற்றுகிறார்கள். அதுவரை நன்றாக இருந்த இன்னொரு டிஸ்கும் மடங்கினால் ரெய்டு 5 காப்பாற்றாது. அதேபோல் பெட்டியை அணைத்துப் போடுவதும் வேண்டாம். அணைத்த டிஸ்க் திரும்பச் சுழலாமலே போகலாம். யாரோ பாதி அறிந்தவர் chkdsk /f ஓட்டச் சொல்வார். அது டிஸ்கில் எழுதித் திருத்தும் வேலை, நோய் என்னவென்று தெரியாமல் தொடக் கூடாதது. திறந்திருக்கும் கோப்பை மட்டும் தன் கணினியில் வேறு பெயரில் சேமித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே போதும்.

ஐ.டி. பிரிவு செய்த வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் டிஸ்கை மாற்றவில்லை. முந்தைய இரவின் பேக்கப் முழுதாக முடிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். முடியவில்லை, அதே பில் ஃபோல்டரில் இடறியிருந்தது. வெள்ளி இரவுப் பேக்கப் முழுமையாக இருந்தது. அதிலிருந்து GST-2025 ஃபோல்டரை மட்டும் வேறொரு சர்வரில் இறக்கி, கணக்குப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். 20-ஆம் தேதி பற்றிய வரி மெயிலில் இல்லாவிட்டால் இதை முதலில் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. "அவசரம்" என்ற சொல்லை எல்லோரும் போடுகிறார்கள். எதற்காக, எந்தத் தேதிக்குள் என்று எழுதினால்தான் அது அவசரமாகத் தெரியும்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு மூன்றாவது டிஸ்கைக் கழற்றிப் புதியதைச் செருகினார்கள். பெட்டி மற்ற மூன்றையும் முழுதாகப் படித்து, புதியதில் நிரப்பத் தொடங்கியது. 4 டி.பி. டிஸ்கை வினாடிக்கு 120 எம்.பி. வேகத்தில் நிரப்பினாலே 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையே ஆட்கள் வேலை செய்தால் இன்னும் நீளும். இந்த நேரம் முழுவதும் ரெய்டு 5-க்குப் பின்துணை கிடையாது. அதனால்தான் இரவில் செய்தார்கள், கணக்குப் பிரிவையும் கையை வைக்க வேண்டாம் என்றார்கள்.

இடைப்பட்ட நேரத்தில் இன்னொரு அறிகுறி தெரிந்தால் அதைப் புது மெயிலாகவோ வாட்ஸ்அப் குரல் செய்தியாகவோ அனுப்புவது வீண். அதே மெயிலுக்கு, அல்லது அதே டிக்கெட் எண்ணுக்குக் கீழே, நேரத்தோடு சேர்க்க வேண்டும். "செவ்வாய் 3:15 – விற்பனை ஃபோல்டரும் ஒரு நிமிடம் உறைந்தது" என்ற ஒரு வரி, கோளாறு பில் ஃபோல்டரைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடும். இரவு மாற்றலாம் என்று இருந்ததை மாலையே தொடங்க வைக்கும். "மதியத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை" என்பதும் தகவல்தான்.

டிஸ்க் மாற்றி, "சரி செய்தாயிற்று" என்று பதில் வந்த பிறகும் கணக்குப் பிரிவுக்கு ஒரு வேலை பாக்கி. Bill_0412.pdf-ஐயும் Purchase_Oct.xlsx-ஐயும் திறந்து, உள்ளே எல்லாப் பக்கமும் எல்லாத் தாளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெட்டி பச்சை விளக்குக் காட்டினாலும், ஒரு பி.டி.எஃப். பாதியில் வெறுமையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்தப் பில்லைத் தெரிந்தவர்தான். குறை இருந்தால் மீட்டுக் கேட்கும் மெயிலிலும் இதே மூன்று விவரம் வேண்டும்: முழு முகவரி, கோப்பின் பெயர், எந்தத் தேதியின் பிரதி. நல்ல நிலையில் கடைசியாகப் பார்த்தது வெள்ளி 14 மாலை என்று முதல் மெயிலிலேயே இருப்பதால், அந்த இரவுப் பிரதியை நேராகக் கேட்கலாம்.

அதையும் தள்ளிப்போட முடியாது. பேக்கப் பிரதிகளை எந்த அலுவலகமும் காலாகாலத்துக்கு வைத்திருப்பதில்லை. ஒன்றில் இரண்டு வாரம், ஒன்றில் ஒரு மாதம். பதினாலு நாள் வைத்திருக்கும் இடத்தில் நவம்பர் 14-ஆம் தேதிப் பிரதி அந்த மாதம் முடிவதற்குள் புதிய பிரதிகளுக்கு இடம் விட்டுப் போய்விடும். அதன் பின் இருப்பதெல்லாம் கெட்டுப்போன பிறகு எடுத்த நகல்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஆடிட்டர் 412-ஆம் பில்லைக் கேட்கும்போதுதான் திறந்து பார்த்தார்கள் என்றால், பில்லைக் கொடுத்த கடைக்காரரிடம் இன்னொரு பிரதி கேட்டு ஆள் அனுப்ப வேண்டியதுதான்.